முட்டையை எந்த முனையில் உடைப்பது? பைட் வரிசையும் மொழிபெயர்ப்பின் கூலியும்

1

2006இல் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்பு கொண்டுவர முயன்றோம். கவிதைகள் எல்லாம் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. என்னிடம் அப்போது இருந்தது பவர்பிசி சில்லு உள்ள பழைய மேக்கின்டாஷ். அதில் ஒரு சின்ன மாற்றி நிரலை எழுதி, கோப்பை நண்பருக்கு அனுப்பினேன். அவர் வைத்திருந்தது லினக்ஸ் போட்ட இன்டெல் கணினி. பதினாறு பிட் யூனிகோட் என்று சொல்லித் திறந்தவர் உடனே போனில் கூப்பிட்டார்.

'என்ன தோழர், கொரியாக்காரன் கவிதையை அனுப்பியிருக்கீங்க?'

நான் நம்பவில்லை. என் திரையில் தமிழ் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் திரையில் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் அதையடுத்து நான்கு கொரிய எழுத்துகளும் இருந்தன. வேறு சில இடங்களில் சீன எழுத்துகள். சொற்களுக்கு இடையிலான இடைவெளி மட்டும் அப்படியே பிழைத்திருந்தது. வரிகளோ ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தியாகிவிட்டிருந்தன. கோப்பு வழியில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தோம். இரண்டு பேருமே ஒரே கட்டளையை ஓட்டிக் கோப்பின் உள்ளே பார்த்தோம்.

```
od -x kavithai.txt
```

முதல் எழுத்துக்கு எனக்கு வந்தது `0ba4`. அவருக்கு வந்தது `a40b`. 'பார்த்தீங்களா, கெட்டுத்தான் போச்சு' என்றார். இன்னொரு முறை அனுப்பினேன். மறுபடியும் அதேதான். அரை நாள் இப்படியே போயிற்று.

கோப்பு கெடவில்லை. இருவரிடமும் இருந்தவை அட்சரம் பிசகாத ஒரே பைட்டுகள், அதே வரிசையில். நாங்கள் நம்பிய கட்டளைதான் இரண்டிரண்டு பைட்டுகளை ஒரு எண்ணாகச் சேர்த்து, அந்தந்தச் சில்லின் வழக்கப்படி வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பைட்டுகளைத் தனித்தனியாகக் காட்டு என்று `od -t x1` கொடுத்திருந்தால் இரண்டு திரையிலும் `0b a4` என்றே வந்திருக்கும். அளவுகோலே கட்சி சேர்ந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

2

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் வைக்க முடியும். அதற்கு மேற்பட்ட எண் என்றால் இரண்டு பைட்டோ நான்கு பைட்டோ தேவை. 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 3×256 + 232. ஆக 3, 232 என்று இரண்டு பைட்டுகள். நினைவகம் என்பது வரிசையாக இலக்கமிட்ட வீடுகள் உள்ள தெரு. முதல் வீட்டில் 3ஐ வைத்து அடுத்ததில் 232ஐ வைக்கலாம், பெரியது முதலில். மாற்றி 232ஐ முதலில் வைத்து 3ஐ அடுத்து வைக்கலாம், சிறியது முதலில். இரண்டிலும் எண் ஒன்றுதான். ஆனால் ஒருவர் வைத்ததை மற்றவர் தன் வழக்கப்படி எடுத்தால் 232×256 + 3, அதாவது 59395 வரும். ஆயிரம் ஐம்பத்தொன்பதாயிரம் ஆகிவிடும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. ஏனென்றால் 59395உம் முறையான எண்தான்.

எங்கள் கோப்பில் நடந்ததும் இதுதான். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பெரிய பக்கத்துப் பைட் 11. அதைக் குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம் (ஒடியாவுக்கும் அதே குடும்பப் பெயர்தான்). 'த' என்றால் 11, 164. 'ம' என்றால் 11, 174. வரிசை புரண்டதும் குடும்பப் பெயர் பின்னால் போய்விடுகிறது. ஆளின் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. 164 என்ற குடும்பம் தென்மேற்குச் சீனாவில் வாழும் யீ மக்களின் எழுத்துக்குரியது. அந்த எழுத்துரு நண்பரின் கணினியில் இல்லாததால் கட்டம் வந்தது. 172 முதல் 215 வரை கொரிய எழுத்துக்குரியவை. ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி நான்கும் அங்கே போய் விழுந்தன. 'அ', 'க' போன்றவை சீன எழுத்துகளாயின. இடைவெளி 0, 32. அது புரண்டால் 32, 0. யூனிகோடில் அந்த இடத்தில் தற்செயலாக இன்னொரு வகை இடைவெளி இருக்கிறது. அதனால்தான் சொற்களின் எல்லைகள் பிழைத்தன. வரி முடிவுக்குறிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது குர்முகி எழுத்துக்கான பகுதியில், யாரும் குடியேறாத ஒரு வீட்டில் போய் நின்றது.

3

இப்படி இரண்டு வழக்கங்கள் எதற்கு என்ற கேள்வி வரும். இவற்றுக்குப் பெயர் வந்த கதையிலிருந்து தொடங்குவது நல்லது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயணங்களில் லில்லிபுட் என்ற குள்ளர் தேசம் வருகிறது. அங்கே வேகவைத்த முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதுதான் பழைய வழக்கம். சக்கரவர்த்தியின் தாத்தா சிறுவனாக இருந்தபோது அப்படி உடைத்து விரலை வெட்டிக்கொண்டார். உடனே அவருடைய அப்பா, இனி எல்லாரும் சிறு முனையில்தான் உடைக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதை எதிர்த்துக் கலகங்கள் எழுந்தன. பணிய மறுத்துப் பதினோராயிரம் பேர் செத்தார்கள். தப்பியவர்கள் பக்கத்து நாடான பிளெஃபஸ்கூவில் தஞ்சம் புகுந்தார்கள். தன் காலத்து கிறிஸ்தவச் சண்டைகளைத்தான் ஸ்விஃப்ட் இப்படிக் கேலி செய்தார்.

1980 ஏப்ரல் முதல் தேதியிட்டு, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த டேனி கோஹன் ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். புனிதப் போர்களைப் பற்றியும் சமாதானத்துக்கான வேண்டுகோளாகவும் எழுதப்பட்டது அது. ஸ்விஃப்டிடமிருந்து பிக்-எண்டியன், லிட்டில்-எண்டியன் என்ற பெயர்களை எடுத்து இரண்டு கணினி வழக்கங்களுக்கும் வைத்தவர் அவர்தான். நான் பெருமுனை, சிறுமுனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அற்பச் சண்டை என்ற அங்கதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வெட்டுப்பட்ட விரல். ஒரு வீட்டுக்குள் நடந்த சின்ன விபத்து ஆணையாகிறது, ஆணை வழக்கமாகிறது, வழக்கம் நம்பிக்கையாகிறது. விரல் ஆறி வெகுநாள் ஆன பிறகும் ஆணை நிற்கிறது. இன்டெல் சில்லுகள் சிறுமுனையான கதையும் கிட்டத்தட்ட இதுவேதான்.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1970இல் டேட்டாபாயின்ட் 2200 என்ற மேசைக் கருவியை அறிவித்தது. செலவைக் குறைக்க அதில் நகர் பதிவக நினைவகத்தை வைத்தார்கள். செக்கு மாடு மாதிரி பிட்டுகள் அதில் சுற்றிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொன்றாகத்தான் வெளியே வரும். கூட்டல் செய்யும் பகுதியும் ஒரு நேரத்தில் ஒரு பிட்டைத்தான் கையாளும். நாம் பள்ளியில் கூட்டல் போட்டதை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் இடத்தில் தொடங்கி, மீதியைப் பத்தின் இடத்துக்கு எடுத்துப்போவோம். இடமிருந்து தொடங்கினால் பின்னால் வரும் மீதிக்காகத் திரும்பி வர வேண்டும். பிட்டுகள் சுற்றி ஓடும் அந்தக் கருவியில் திரும்பி வருவது என்றால் இன்னொரு முழுச் சுற்றுக்குக் காத்திருப்பது. எனவே சிறிய பக்கம் முதலில் வருவதே அதற்குச் சிக்கனம்.

இந்தக் கருவியின் செயலியை ஒரே சில்லில் செய்து தரும்படி இன்டெல்லிடம் கேட்கப்பட்டது. சில்லு வருவதற்குள் டேட்டாபாயின்ட் காரர்கள் தங்கள் கருவியை அது இல்லாமலே கட்டிவிட்டார்கள். அதை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. இன்டெல் 1972இல் அதை 8008 என்று சந்தைக்கு விட்டது. 8008 ஒரு நேரத்தில் எட்டு பிட்டையும் சேர்த்துக் கையாளும் சில்லு. நகர் பதிவகத்தின் கட்டாயம் அதற்கு இல்லை. ஆனாலும் கேட்டவரின் கட்டளைத் தொகுதிக்கு ஏற்றபடி செய்ததால் சிறுமுனை வழக்கம் கூடவே வந்துவிட்டது. 8008க்குப் பின் 1974இல் 8080, 1978இல் 8086, அதன் வழியே நம் மேசைகளுக்கு வந்த கணினிகள். விரல் எப்போதோ ஆறிவிட்டது.

இதனால் சிறுமுனைக்கு வேறு நியாயமே இல்லை என்று ஆகாது. அதில் ஒரு எண்ணின் சிறிய பக்கம் எப்போதும் முதல் வீட்டிலேயே இருப்பதால், அதை ஒரு பைட்டாக எடுத்தாலும் நான்கு பைட்டாக எடுத்தாலும் முகவரி மாறாது. பெருமுனைக்கும் நியாயம் உண்டு. 1964இல் வந்த ஐ.பி.எம். சிஸ்டம்/360 பெருமுனைதான். நினைவகத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்தால் எண்கள் நாம் எழுதும் வரிசையிலேயே கிடைக்கும். 1979இன் மோட்டரோலா 68000 அந்தப் பக்கம். பவர்பிசியிலும் மேக்கின்டாஷ் பயன்படுத்தியது பெருமுனைதான். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம். ஆனால் எதுவும் இயற்கை அல்ல.

நடுவில் ஒரு விநோதமும் இருந்தது. 1970இன் பி.டி.பி.-11 பதினாறு பிட் எண்களுக்குச் சிறுமுனை. நீண்ட எண்ணை இரண்டு துண்டாக வைக்கும்போது பெரிய துண்டு முதலில் வரும், துண்டுக்குள் சிறிய பைட் முதலில் வரும். இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. தேதியை 15-8-1947 என்று எழுதுகிற நாம் நாளில் தொடங்கி வருடத்துக்குப் போகிறோம்; ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் பெரிய இலக்கத்தையே முதலில் எழுதுகிறோம். நாமும் பி.டி.பி.-11 சாதிதான்.

4

தனித்தனியாக இருக்கும்வரை எந்த வழக்கமும் பிரச்சினை இல்லை. சில்லு தானே வைத்ததைத் தானே எடுக்கிறது. இரண்டு வகைச் சில்லுகள் ஒரு கம்பியில் சந்திக்கும்போதுதான் தகராறு.

கோஹனின் வாதம் எளிமையானது. எந்த வரிசை என்பதைவிட ஏதாவது ஒரு வரிசைக்கு ஒத்துக்கொள்வதே முக்கியம்; வேண்டுமானால் காசைச் சுண்டிப் போட்டுக்கூட முடிவு செய்யலாம் என்கிற அளவுக்கு அவர் போனார். 1981 செப்டம்பரில் இணைய நெறிமுறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 791 வந்தது. அதன் பின்னிணைப்பு கம்பியில் போகும் வரிசையைப் பெருமுனை என்று நிறுவியது. இதற்கு வலைப்பின்னல் வரிசை என்று பெயர் நிலைத்தது. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ், `htons`, `htonl`, `ntohs`, `ntohl` என்ற நான்கு சிறு செயல்களைத் தந்தது. அனுப்பும்போது உன் வழக்கத்திலிருந்து பொது வழக்கத்துக்கு மாற்று, வாங்கும்போது திருப்பி மாற்று. அவ்வளவுதான்.

பெருமுனைச் சில்லில் இந்த நான்கும் ஒன்றுமே செய்யாது, பெயருக்கு இருக்கும். சிறுமுனையான வேக்ஸ் கணினியிலோ உண்மையாகவே பைட்டுகளைப் புரட்ட வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வின் விளைவு கூலியில் மட்டும் இல்லை, அறிவிலும் இருந்தது. பெருமுனைக் கணினியில் எழுதுகிறவர் `htons` போட மறந்தாலும் அவருடைய நிரல் ஓடும். மறந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதே நிரலைச் சிறுமுனைக் கணினிக்குக் கொண்டுபோனால், 80ஆம் வாசலில் காத்திரு என்று சொன்னது 80×256, அதாவது 20480ஆம் வாசலில் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் ஒரு சேவை காரணமில்லாமல் 20480இல் நின்றால் அனுபவசாலிகள் உடனே சிரிப்பார்கள்.

இன்னொரு வகை மறதி இதைவிட ஆபத்தானது. அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவரும் சிறுமுனை, இருவருமே மாற்ற மறந்தார்கள் என்று வையுங்கள். எல்லாம் சுகமாக ஓடும். இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். சோதனை எல்லாம் ஒரே வகைக் கணினிகளுக்குள்ளேயே நடந்தால் பத்து வருடம்கூடத் தெரியாது. வேறு வழக்கமுள்ள ஒருவர் வந்து சேர்கிற அன்றைக்குத்தான் வெடிக்கும்; பழியும் வந்தவர்மேல் விழும். 0, 257 போன்ற எண்களை வைத்துச் சோதித்தாலும் இதே கதிதான். 257 என்பது 1, 1. எந்தப் பக்கம் வாசித்தாலும் மாறாது. 1ஐ அனுப்பிப் பாருங்கள். 256 வந்தால் புரிந்துவிடும்.

'அப்படின்னா இதைக் கம்பியிலேயே ஒரு பெட்டி வைத்து மொத்தமாகப் புரட்டிவிடலாமே' என்று கேட்கலாம். முடியாது. ஒரு செய்தியில் எண்ணும் இருக்கும், எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் பெயரும் இருக்கும். இரண்டிரண்டாக எல்லாவற்றையும் புரட்டினால் எண் சரியாகும், பெயர் கெடும். யூனிக்ஸை முதன்முதலில் வேறு வகைக் கணினிக்குக் கொண்டுபோன காலத்தில் `UNIX` என்பது `NUXI` என்று வந்த கதை நிரலாளர்களிடையே வழங்கிவருகிறது. பைட்டின் நெற்றியில் நான் எண், நான் எழுத்து என்று ஒன்றும் எழுதியிருக்காது. அர்த்தம் தெரிந்தவர்தான் மாற்ற முடியும். அதாவது இது மொழிபெயர்ப்பு. எந்திரத்தனமான திருப்பல் அல்ல.

5

மொழிபெயர்ப்பு என்றால் யார் செய்வது, யார் கூலி கொடுப்பது? எண்பதுகளில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன.

சன் நிறுவனத்தின் எக்ஸ்.டி.ஆர்., 1987இல் ஆர்.எஃப்.சி. 1014 ஆக வெளிவந்தது. ஒரே பொது வடிவம், அது பெருமுனை, எல்லாரும் அதற்கே மாற்றிப் பேச வேண்டும் என்றது. சன்னின் கணினிகள் அப்போது பெருமுனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதன்படி இரண்டு சிறுமுனைக் கணினிகள் தங்களுக்குள் பேசினாலும் ஒன்று புரட்டி அனுப்ப வேண்டும், மற்றது புரட்டி வாங்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்நிய மொழியில் பேசிக்கொள்வது மாதிரி. ஆனால் இதில் ஒரு பெரிய வசதி உண்டு. கற்க வேண்டியது ஒரே ஒரு வடிவம்.

அதே 1987இல் வந்த எக்ஸ் 11 சாளர முறை வேறு வழி எடுத்தது. அங்கே திரையை ஆளும் நிரலுக்குச் சேவகன் என்று பெயர்; அதில் படம் வரையக் கேட்டு வருவது வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கதவைத் தட்டும்போது அனுப்பும் முதல் பைட்டே தான் யார் என்ற அறிவிப்பு. `B` என்றால் பெருமுனை, `l` என்றால் சிறுமுனை. அதன்பின் அவர் தன் வழக்கப்படியே பேசலாம், பதிலும் அதே வழக்கத்தில் வரும். புரட்டும் வேலை முழுக்கச் சேவகனுடையது. ஒரே வழக்கக்காரர்கள் என்றால் யாருக்கும் வேலை இல்லை. வந்தவரின் மொழியில் வீட்டுக்காரர் பேசுகிற முறை.

இதை உடனே மையம், விளிம்பு என்று எழுதிவிட நம் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து நடந்தது அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. சந்தையில் சிறுமுனை வென்றது. 2006இல் மேக்கின்டாஷும் இன்டெல்லுக்கு மாறியது. கைபேசிகளில் உள்ள ஆர்ம் சில்லுகள் இரண்டு விதமாகவும் ஓட வல்லவை, நடைமுறையில் சிறுமுனை. பெருமுனை இன்று முக்கியமாக ஐ.பி.எம். பெருங்கணினிகளில் வாழ்கிறது. ஆனால் இணையத்தின் உடன்படிக்கை மாறவில்லை. பெரும்பான்மையான சிறுமுனைக் கணினிகள் ஒவ்வொரு பொட்டலத் தலைப்பிலும் தோற்றவர்களின் வரிசைக்குப் புரட்டி எழுதுகின்றன. ஒருவரை நம்பியிராத பொது உடன்படிக்கை, வென்றவரையும் கட்டுப்படுத்துகிறது.

விருந்தோம்பலுக்கு நேர்ந்ததோ வேறு. எக்ஸ் சேவகனில் அந்நிய வழக்கத்தை மொழிபெயர்க்கும் பகுதி நாளாவட்டத்தில் யாரும் தட்டாத கதவாயிற்று. ஓட்டிப் பார்ப்பாரில்லாத அந்த நிரல்வரிகளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 2023இல் வந்த எக்ஸ்வேலண்ட் 23.1 அந்தக் கதவை இயல்புநிலையில் பூட்டியே வைத்தது. வேண்டியவர் கேட்டுத் திறந்துகொள்ளலாம். வீட்டுக்காரரின் நல்ல மனசை நம்பிய ஏற்பாடு, விருந்தாளிகள் குறைந்ததும் ஆபத்தாக மாறிவிட்டது. இரண்டு பதில்களில் எது நியாயமானது என்று யாராவது கேட்டால், எந்தப் பதில் பெரும்பான்மை மாறிய பிறகும் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன்.

6

எங்கள் கவிதைக் கோப்புக்குத் திரும்புகிறேன். நான் செய்த தப்பு இரண்டு. யூனிகோட் கோப்பின் தலையில் வைக்கவென்றே ஓர் அடையாளக்குறி உண்டு: 254, 255. புரண்டு 255, 254 என்று வந்தால் அது எந்த எழுத்தும் இல்லை என்று விதி. ஆகவே வாசிக்கிறவர் வரிசையைக் கண்டுகொள்ளலாம். எக்ஸ் 11இன் முதல் பைட் செய்யும் அதே வேலை. அதை நான் வைக்கவில்லை. இரண்டாவது தப்பு ஆழமானது. என் சில்லின் நினைவகத்தில் எண் எப்படிக் கிடந்ததோ அப்படியே அள்ளிக் கோப்பில் கொட்டினேன். என் வீட்டுப் பழக்கத்தையே உலக வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்தும்போதும் முதலில் தவறாகவே யோசித்தேன். 'இந்தச் சில்லு எந்தக் கட்சி என்று கண்டுபிடி, எதிர்க்கட்சி என்றால் புரட்டு' என்று எழுதத் தொடங்கினேன். பல நிரல்களில் இப்படித்தான் இருக்கும். 2012இல் ராப் பைக் ஒரு சிறு கட்டுரையில் இதைத் தவறான கேள்வி என்று காட்டினார். கணினி எந்த முனை என்பது அநேகமாக ஒருபோதும் தேவையில்லை. செய்தி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். செய்தி பெருமுனை என்றால்:

```
n = b[0] * 256 + b[1];
```

செய்தி சிறுமுனை என்றால்:

```
n = b[1] * 256 + b[0];
```

இந்த வரி எந்தச் சில்லில் ஓடினாலும் ஒரே விடைதான். முதல் பைட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்லிக் கணக்குப் போடுகிறது. எண் நினைவகத்தில் எப்படிக் கிடக்கும் என்று அது கேட்பதே இல்லை. எழுதும்போதும் அதே மாதிரி. எண்ணை 256ஆல் வகுத்த ஈவு முதலில், மீதி அடுத்து. நான் எந்தக் கட்சி, நீ எந்தக் கட்சி என்ற விசாரணைக்கே இடமில்லை.

இப்போது தமிழ் பெரும்பாலும் யூ.டி.எஃப்.-8இல் பயணம் செய்கிறது. 1992இல் கென் தாம்சனும் அதே ராப் பைக்கும் உருவாக்கிய அந்த முறையில் பைட்டுகளின் வரிசை முறைக்குள்ளேயே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது, புரள வழியில்லை. ஆகவே கொரியக் கவிதையாகும் விபத்து இனி அரிது. ஆனால் எண்கள் இன்னும் அப்படியேதான் போகின்றன. படக் கோப்பிலும் உணர்கருவியிலும் கணக்குப் பேரேட்டிலும் இரண்டு, நான்கு, எட்டு பைட்டுகளாக. எண்ணுக்குக் கொரியா கிடையாது. தப்பாக வாசித்த எண் இன்னொரு எண்ணாகவே தெரியும். எங்கள் கவிதைகள் கொரியாவுக்குப் போனதால்தான் தப்பித்தன. அது ஒரு கணக்குக் கோப்பாக இருந்திருந்தால் நண்பர் போன் செய்திருக்கவே மாட்டார்.